உதாரணத்துக்கு முப்பதாயிரம்

பேச்சிக்கனி கோபமாக வந்தால் செருப்பை வாசலில் கழற்ற மாட்டாள். அன்றைக்கும் தவசிக்கண்ணு அண்ணாச்சியின் சீட்டுக் கம்பெனிக்குள் செருப்போடுதான் ஏறினாள். கையில் போன மாத நோட்டீஸ். அதை மேசைமேல் ஒரே அடியாக அடித்து வைத்ததில் அண்ணாச்சியின் டீ பாதி சிந்திவிட்டது.

"இத எழுதுனது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான். இருவது வருசமா நாந்தான். ஏன், எழுத்து நல்லால்லயா?"

"எழுத்துக்கு என்ன, முத்து முத்தாத்தான் இருக்கு. இதுல முற்றுப்புள்ளி எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கடைசி வரியில், 'இப்படிக்கு ஃபோர்மேன்' என்று சீட்டு நடத்துகிற அவர் போட்ட கையெழுத்துக்கு மேலே ஒன்று இருந்தது. அந்த ஒன்றுதான்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோவில்பட்டியில் வீட்டின் பின்கட்டில் கடலைமிட்டாய் போட்டு, கூடையில் வைத்துக் கடை கடையாகக் கொடுத்துவருகிறவள் அவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை காலியாகியிருந்தது. தன் பெயரில் பலகை மாட்டித் தன் மிட்டாயைத் தானே விற்கவேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ நாள் ஆசை. கடைக்காரர் கேட்ட அட்வான்ஸுக்கு இந்த ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைத்தான் நம்பியிருந்தாள். இருபத்தைந்து பேர், மாதம் நாலாயிரம்; ஏலத்தில் யார் அதிகம் தள்ளிக் குறைவாக வாங்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. முப்பதாயிரம் தள்ளி எழுபதுக்கு எடுத்தால் வரி போக அட்வான்ஸுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேலே ஒரு ஆயிரம் தள்ளினாலும் காணாது.

அப்படிக் கணக்குப் போட்டுத்தான் போன மாத ஏலத்துக்கு வந்தாள். வாயைத் திறக்கும் முன்பே அண்ணாச்சி, "உனக்குப் பாக்கி இருக்கும்மா, கேக்க முடியாது" என்றுவிட்டார். ஏலத்தில் தள்ளிய பணத்திலிருந்து ஆளுக்குப் பங்காகக் கிடைக்கும் கழிவுதான் கசர். அந்த மாதக் கசர் போகக் கட்டவேண்டிய பணத்தை அவள் பைசா குறையாமல் கட்டியிருந்தாள். என்ன, அஞ்சாம் தேதிக்குப் பதில் ஏழாம் தேதி கட்டினாள். அஞ்சுக்குப் பிறகு கட்டினால் கசர் கிடையாது, முழு நாலாயிரமும் கட்டவேண்டும். கசர் அளவுக்கு விழுந்த துண்டுதான் அந்தப் பாக்கி. தெருமுனைக்கு ஓடி மச்சானிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், ஹார்டுவேர் குருசாமி இருபத்தைந்தாயிரம் தள்ளிச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் மூச்சு வாங்க நின்றாளே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சுடுகிறது. கடைக்காரர் நல்ல மனுஷர், இன்னும் ஒரு மாதம் பொறுக்கிறேன் என்றிருந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியாது, வேறு ஆள் காத்திருக்கிறதாம்.

"நோட்டீஸ்ல இருக்கேம்மா" என்று அண்ணாச்சி விரலை வைத்து வாசித்தார். "'மேற்படி தவணையை மேற்படி தேதிக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் மேற்படி கசர் அனுமதிக்கப்படாததோடு மேற்படி ஏலத்தில்...'"

"மேற்படி மேற்படின்னு மாடிப்படி ஏறுத மாதிரி ஏறிக்கிட்டே இருக்கீக. எங்க போயிச் சேருது அது? மனுசன் வாசிக்கதுக்கா எழுதுனீக?"

"ஒவ்வொரு வரிக்கும் ஒரு கத இருக்கு தாயி. ஒருத்தன் ஏமாத்துனா ஒரு வரி. இன்னொருத்தன் சண்டைக்கு வந்தா இன்னொரு வரி. அப்படிச் சேந்தது." அவர் குரலில் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி ஒரு வருத்தம். "புரியலன்னா போன் பண்ணிக் கேக்கத் தான? எல்லாரும் கேக்கத்தான் செய்தாக."

கேட்கத்தான் செய்தார்கள். மாதம் பிறந்தால் அண்ணாச்சியின் போன் ஓயாது. எவ்வளவு கட்ட, என்றைக்கு ஏலம், கசர் எவ்வளவு? அவரும் அலுத்துக்கொள்கிற மாதிரி அலுத்துக்கொண்டு, குடும்ப க்ஷேமம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனை வைப்பார். உள்ளுக்குள் அந்த மனுஷனுக்கு அது பிடிக்கும். நோட்டீஸ் புரிந்துவிட்டால் யார் கூப்பிடுவார்கள்?

"இந்த மாச நோட்டீஸ் போட்டாச்சா?"

"இன்னைக்குத்தான் எழுதணும். அவ்வளவு வக்கணையாப் பேசுதயே, இந்தா, நீயே எழுது" என்று பேனாவை நீட்டினார். அவள் வாங்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அவளைத் தெரியவில்லை அவருக்கு! வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் வரியில் ஏலத் தேதி. "எப்பவும் பத்துதான?" என்றாள். இந்த மாதம் பத்து ஞாயிற்றுக்கிழமை, அதனால் பதினொன்று திங்கள் காலை பத்து மணி என்றார். பழைய நோட்டீஸில் இதை எங்கே போடுவீர்கள் என்று கேட்டதற்கு, அவர் அசடு வழிய ஆறாவது வரியைத் தொட்டார். அவள் அதைப் பெரிய எழுத்தில் உச்சியில் எழுதினாள். அடுத்தது போன ஏலத்தின் கசர். குருசாமி தள்ளிய இருபத்தைந்தாயிரத்தில் கம்பெனிக் கமிஷன் ஐயாயிரம் போக, மிச்சத்தை இருபத்தைந்து பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு எண்ணூறு. அஞ்சாம் தேதிக்குள் கட்டினால் மூவாயிரத்து இருநூறு, அஞ்சுக்கு மேல் போனால் முழு நாலாயிரம். பாக்கி இருந்தால் ஏலம் கேட்க முடியாது, ஏலம் தொடங்கும் முன்பே தீர்த்துவிடவும்.

"இம்புட்டுத்தானா?" என்றார் அண்ணாச்சி. ஏதோ காது குத்தாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அந்தத் தாளைப் பார்த்தார்.

"இருங்க. கசர் எப்படி வருதுன்னு முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டிருதேன்." எழுதினாள்: 'இந்த ஏலத்தில், உதாரணமாக, ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எடுத்தால், கமிஷன் போக ஆளுக்குக் கசர் ஆயிரம். அடுத்த மாதம் கட்டவேண்டியது மூவாயிரம். தள்ளு கூடினால் எல்லாருக்கும் கசர் கூடும்.'

அண்ணாச்சி ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காத. எப்பவும் ஏலத்துக்கு ஆறு பேரு, ஏழு பேருதான் வருவாக. இத வாசிச்சா ஊரே வரும். பாக்கிய எல்லாம் கட்டிட்டு வந்து கேப்பாக. ஒனக்கு இந்த மாசம் வேணும். யோசிச்சுக்கோ. நம்ம பழைய நோட்டீஸயே அனுப்பினாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

பேனா நின்றுவிட்டது. அதை அவள் யோசிக்கவே இல்லை. பழைய மேற்படியே போனால் நாலு பேர் வருவார்கள், இருபதிலேயே சீட்டு அவள் மடியில் விழும். பாவி மனுஷன், இதை எழுதும் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா! போன மாதம் மூச்சு வாங்க நின்ற இடத்தை அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான்.

"அனுப்புங்க" என்றாள். "எம் பாடு வேற எவளுக்கும் வரவேண்டாம். ஆனா எனக்குச் சீட்டு விழலன்னு வைங்க, ஒங்கள சும்மா விடமாட்டேன்."

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தது. அடியில் அண்ணாச்சி தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'எழுதியது: சீட்டு எண் 14, பேச்சிக்கனி.' அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷனிடம் நாலு தடவை காட்டினாள்.

பதினொன்றாம் தேதி கம்பெனியில் உட்கார இடம் இல்லை. பக்கத்து டீக்கடை பெஞ்சையும் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்டு, இனி ஏலம் கேட்க முடியாத குருசாமிகூட வந்து முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தள்ளு எவ்வளவுக்குப் போகும், தன் கசர் எவ்வளவு என்று பார்க்கத்தான். தையல்காரி ராமலெட்சுமி முதல்முறையாக ஏலத்துக்கு வந்திருந்தாள். பேச்சிக்கனியின் கையைப் பிடித்து, "யக்கா, யாரையும் கேக்காம நானே அஞ்சாந்தேதி கட்டிட்டேன். எனக்கும் ரெண்டு மிசினு வாங்கணும்" என்றாள். பேச்சிக்கனிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது; கடைக்காரர் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு முடிகிறது என்று தன் கதையையும் சொல்லிவைத்தாள்.

"கேளுங்க" என்றார் அண்ணாச்சி.

பத்தாயிரம் என்று ஒருவர் தொடங்கினார். பதினைந்து. இருபது. ராமலெட்சுமி இருபத்தைந்து என்றாள். பின்னாலிருந்து யாரோ இருபத்தெட்டு என்றார். பேச்சிக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முப்பது" என்றாள்.

குருசாமி கடகடவென்று சிரித்துவிட்டார். "அதான் பாத்தேன்! உதாரணத்துக்கு முப்பதாயிரம்! யம்மா, நீ எதுவரைக்கும் கேப்பன்னு நோட்டீஸ்லயே போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு வந்திருக்கியே!"

கூடமே சிரித்தது. பேச்சிக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து இருந்தது, இருபது இருந்தது, ஒரு கணக்குக்கு எந்தத் தொகையை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ராத்திரி பகலாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததையே எழுதிவைத்து, கீழே பெயரையும் போட்டாயிற்று. இனி யார் வேண்டுமானாலும் முப்பத்தொன்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை போச்சு. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"முப்பதாயிரம், ஒரு தரம்" என்றார் அண்ணாச்சி.

பின்வரிசைக்காரர் வாயைத் திறந்தார். குருசாமி திரும்பி, வேண்டாம் என்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்தார். தள்ளு ஏறினால் குருசாமிக்கும் கசர் ஏறும், அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஏறும். அவள்தானே அதை அத்தனை தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தாள். யாருக்கும் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரெண்டு தரம்." அண்ணாச்சி ராமலெட்சுமியைப் பார்த்தார்.

ராமலெட்சுமி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அடுத்த மாசம் ஆகட்டும் அண்ணாச்சி. மிசினு எங்கயும் ஓடிறாது. அக்காவுக்குக் கட போயிருமில்ல" என்றாள்.

"மூணு தரம்!"

பேச்சிக்கனி அழ மாட்டாள் என்று ஊரில் பேர். அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "பணம் வாங்க ஜாமீனுக்கு ரெண்டு பேரு வேணும், மொதல்ல கண்ணத் தொட" என்று அண்ணாச்சி அதட்டினார். குருசாமி கையைத் தூக்கினார். "ஒண்ணுக்கு நான். மாசாமாசம் ஒரு பாக்கெட் மிட்டாய் வரணும், சொல்லிட்டேன்."

அடுத்த மாத நோட்டீஸை எழுதலாம் என்று அவள் போனபோது அண்ணாச்சி முன்பே முடித்து வைத்திருந்தார். அவள் எழுதிய அதே தாள். தேதிகளைத் திருத்தி, குருசாமியின் கணக்கை எடுத்துவிட்டு, 'எடுத்தால்' என்பதை 'எடுத்ததால்' ஆக்கியிருந்தார். முப்பதாயிரக் கணக்கில் ஒரு எண்கூட மாறவில்லை, ஆளுக்கு ஆயிரம் கசர், கட்டவேண்டியது மூவாயிரம். 'உதாரணமாக' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஒருவர்' என்று இருந்த இடத்தில் 'பேச்சிக்கனி' என்று எழுதியிருந்தார்.