முப்பத்தேழு வாட் ஹவர்

சுயம்புராஜ் அண்ணாச்சியைப் பழிவாங்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெருக்கல் கணக்குதான்.

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே என் செல்போன் ரிப்பேர் கடை. அதிலிருந்து மூன்றாவது கடை அண்ணாச்சியின் மொத்த வியாபாரம். அவரிடம் வாங்கிய பவர் பேங்க் ஒன்றைக் கடியப்பட்டணம் ஷாஜனுக்கு விற்றேன். நாலு நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர். ஐம்பதாயிரம் எம்.ஏ.எச் என்று அட்டையில் இருந்தது. பத்து தடவை போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். ஒரு தடவை ஏற்றிவிட்டு இரண்டாவது தடவை பாதியிலேயே அது செத்துவிட்டது. கரைக்கு வந்ததும் நேராக என் மேசையில் வீசினார்.

"ஏட்டி ஜாஸ்பின், நீயும் கள்ளி தானா?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கடியப்பட்டணத்துக்காரர் ஒருவரும் என் கடைப் படி ஏறவில்லை.

அன்றைக்கே பிரித்துப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். ஓட்டின் இரு பாதியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி, ஓரத்தில் சீவாத பிசிறு. ஐம்பதாயிரம் என்றால் ஒரு கிலோ கனம் இருக்கணும், இது கால் கிலோகூட இல்லை. உள்ளே இரண்டு பேட்டரி செல். ஒவ்வொன்றிலும் அச்சு: 5000 எம்.ஏ.எச், 3.7 வோல்ட், 18.5 வாட் ஹவர். மொத்தம் பத்தாயிரம், 37 வாட் ஹவர். மேலே அண்ணாச்சி ஒட்டிய லேபிளில் மட்டும் ஐம்பதாயிரம். ஆனால் அதே லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 37 வாட் ஹவர் என்றே கிடந்தது. பழைய லேபிளைப் பார்த்து அச்சடித்தவர், பெரிய எண்ணை மாற்றி, சின்ன எண்ணை மறந்துவிட்டார்.

செல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடை நிறைய ஆள். அண்ணாச்சி சிரித்தார்.

"உள்ள கிடக்கதை யாரு பாத்தா? அட்டையில எழுதினது தான் வாக்கு. பொம்பள கையில சாமானக் குடுத்தா இப்பிடித்தான், நீயே பிரிச்சுக் கெடுத்திருப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். நான் செல்லை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி சார்ஜா போகப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஒரு பெரிய கடைக்காரர் மாதாமாதம் சரக்கு எடுக்கச் சம்மதித்திருந்தார். ஆறு பவர் பேங்க் மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விமானம் ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. நான் பூனைபோலப் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அண்ணைக்கு நான் தெரியாம பேசிட்டேன். ஆனா லேபிள்ல ஒரு பிழை உண்டு பாத்துக்கிடுங்க. ஐம்பதாயிரத்த மூணு புள்ளி ஏழால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா நூத்தி எண்பத்தஞ்சு. நீங்க முப்பத்தேழுன்னு போட்டிருக்கிய. சார்ஜாக்காரன் பெருக்கிப் பாத்தா மானம் போவும்."

கணக்கு சுத்தம். அண்ணாச்சிக்கே என்மேல் பாசம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே 185 என்று புது லேபிள் அடித்து ஒட்டினார்.

அவர் கிளம்பிய காலையில் ஷாஜனுக்குப் போன் போட்டு, பழைய போனுக்கு இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித் தருகிறேன், உடனே வாங்க என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். பதினொன்றரைக்கு நான் எதிர்பார்த்த அழைப்பு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதானே, வேறு யாரைக் கூப்பிடுவார்? ஸ்பீக்கரில் போட்டேன்.

"மக்கா ஜாஸ்பின், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல பிடிச்சு வச்சிருக்கானுவ! நூத்தி அறுபது வாட் ஹவருக்கு மேல போனா விமானத்துல ஏத்தவே மாட்டானுவளாம். நீ இந்த சாருட்ட சொல்லு மக்கா, ஐம்பதாயிரம் எல்லாம் நான் சும்மா எழுதினது! உள்ள பத்தாயிரம் தான், முப்பத்தேழு தான்! நீ பிரிச்சுப் பாத்தவ தானே?"

ஷாஜன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, சரியா கேக்கல. இன்னொருக்க சொல்லுங்க."

"பொய் லேபிள் மக்கா! நான் ஒட்டினது பொய் லேபிள்!"

அந்தப் பக்கம் அதிகாரி போனை வாங்கினார். "அம்மா, இவர் சொல்வது உண்மையா? உள்ளே எவ்வளவு?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"உள்ள கிடக்கதை யாரு பாத்தா சார்?" என்றேன். "அட்டையில எழுதினது தான் வாக்கு."