மூன்று முறை முடிந்த சுவர்

“‘தயவுசெய்து’ மூணு தடவை வருது. நீ சுவரைச் சரிபண்ணச் சொல்றியா, இல்ல கைமாத்து கேக்குறியா?”

“ரெண்டை அடிச்சிடறேன்கா.”

“அடி. அடிச்ச இடத்துல ‘தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்’னு போடு.”

“நமக்கு ஏதுக்கா சட்டம்? எனக்கு ஒரு வக்கீலோட முகம்கூடத் தெரியாது.”

“அது அந்த மேனேஜருக்குத் தெரியுமா?”

சாப்பாட்டு மேசையில் தங்கையின் கடிதம் இருவருக்கும் நடுவே கிடந்தது. அக்கா அதைக் கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிலும் எடுத்தேன் கவிழ்த்தேன்தான். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பகலெல்லாம் ‘இது தெளிவா இருக்கா, இல்ல முன்னது தெளிவா இருந்துச்சா?’ என்று ஊராரைக் கேட்டுக் கேட்டு, தன் விஷயத்தில் எது தெளிவு என்பதே அவளுக்குக் குழம்பிப்போயிருந்தது.

விஷயம் இதுதான். அப்பாவின் அறைச் சுவரில் ஈரம். போன மாதம் மூன்றாம் தேதி கட்டில் தலைமாட்டில் ஒரு சாண் அளவுக்குத் தொடங்கியது. குடியிருப்பு நிர்வாகத்துக்குத் தங்கை அன்றைக்கே கைபேசியில் புகார் போட்டாள். பதினொன்றாம் தேதி ‘உங்கள் புகாருக்கான வேலை முடிந்தது’ என்று குறுஞ்செய்தி வந்தது. யாரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டாள். பத்தொன்பதாம் தேதி மறுபடி ‘முடிந்தது’. இருபத்தேழில் மறுபடியும். இதற்கிடையே அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி, திங்களன்று, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ‘ஈரச் சுவர் இருக்கிற அறையில மட்டும் படுக்க வைக்காதீங்க’ என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இருப்பதோ ஒரே படுக்கையறை. கூடத்தில் கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது.

“போட்டோவைக் காட்டு,” என்றாள் அக்கா.

ஐந்து படங்கள். புகார் போட்ட அன்று ஒன்று, ஒவ்வொரு ‘முடிந்தது’க்கும் மறுநாள் ஒன்று, இந்த மாதம் ஆறாம் தேதி ஒன்று. எல்லாம் ஒரே இடத்தில் நின்று, சுவரில் ஓரடி ஸ்கேலை வைத்து எடுத்தவை. தேதி கைபேசியிலேயே பதிவாகியிருந்தது. கடைசிப் படத்தில் கறை மின்விசிறி சுவிட்சுக்கு நாலு விரற்கடை தூரத்துக்கு வந்திருந்தது.

அக்காவின் குரல் இறங்கியது. “இவ்வளவு ஒழுங்கா எடுத்து வச்சிருக்க. அப்புறம் ஏண்டி கடுதாசியில இப்படிக் கெஞ்சுற?”

“திட்டினா வருவாங்களா, கெஞ்சினா வருவாங்களான்னு தெரியலக்கா.”

“முதல்ல யாரு வந்து எதை முடிச்சாங்கன்னு கேளு. செத்தவன் கையில வெத்தலை பாக்கு குடுத்த மாதிரி, கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி பேசாம இருக்காங்கன்னா பரவாயில்ல. இவங்க முடிச்சிட்டோம்னு வேற சொல்றாங்களே!”

மறுநாள் வியாழன். சாப்பாட்டு இடைவேளையில் தங்கை நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். புகார் பிரிவில் இருந்த எழுத்தர் அம்மாள் ஒரு காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டே எண்ணைக் கேட்டாள், தட்டினாள், திரும்பிப் பார்த்தாள்.

“மூணு தடவை ஆள் போயிருக்கே. பூச்சு, பெயின்ட், அப்புறம் ஒரு சோதனை. கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

“நானா?”

“உங்க வீட்டுல யாரோ. இந்தாங்க பாருங்க.”

மூன்று வேலைச் சீட்டுகளும் அச்சாகி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு படம். பால் வெள்ளையாய்க் காய்ந்த சுவர். இடப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலில் நீலத் துண்டு ஒன்று உலர்கிறது.

அப்பாவின் அறையில் அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது.

எங்கோ இன்னொரு வீடு இருக்கிறது, அதில் இன்னொரு மகள் புகார் கொடுத்திருக்கிறாள், அவளுக்கு எல்லாம் சொன்னபடி நடந்துவிட்டது, அவளுடைய அப்பா காய்ந்த அறையில் இருமாமல் தூங்குகிறார் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது.

“இது எங்க சுவர் இல்லம்மா.”

எழுத்தர் தொலைபேசியைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “சரி, கேளுங்க. புதுசா புகார் போட்டா வரிசையில கடைசி. இருபது நாள் ஆகும். பழைய நம்பரைத் திறந்தா உடனே ஆள் அனுப்பலாம். ஆனா மூடினதைத் திறக்க மேனேஜர்தான் சொல்லணும். மூடினது தப்புன்னு நீங்க காட்டணும். இந்தச் சீட்டு மூணையும், உங்க போட்டோவையும் தேதி வாரியா பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்புங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“கோபமா எழுதச் சொல்றா எங்கக்கா.”

“அய்யய்யோ! ‘சட்டம்’னு ஒரு வார்த்தை இருந்தா மேனேஜர் தொடவே மாட்டார். சட்டப் பிரிவுக்கு அனுப்பிடுவார். அது யானை வாய்க்குப் போன கரும்பு. அழுது எழுதினா என் மேசையிலேயே கிடக்கும். என்ன ஆச்சு, என்னிக்கு ஆச்சு, என்ன வேணும், எப்போ வேணும், ஏன் அப்போ வேணும். அவ்வளவுதான்.”

பேருந்தில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினாள். சீட்டுகளுக்கு அடியில் அவள் போட்ட முதல் புகாரின் நகலும் வந்திருந்தது. வீட்டு எண்: 14. சரி. படிக்கட்டு: ஏ.

அவள் வீடு பி படிக்கட்டில். இரண்டு படிக்கட்டிலும் ஒரு பதினாலு உண்டு.

கைபேசியில் அந்தக் கட்டத்தில் ‘ஏ’ முன்கூட்டியே நின்றிருக்கும். தொட்டு மாற்ற வேண்டும். அவள் மாற்றவில்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் ‘அதே நம்பர்தாங்க, அதே வேலைதாங்க’ என்று அவளே அழுத்தந்திருத்தமாகச் சொல்லி, ஆளை அடுத்த படிக்கட்டுக்கே அனுப்பியிருக்கிறாள். நாற்பது நாளாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். அந்த நாற்பது நாளை இனிக் கடிதத்தில் எழுதலாமா? எழுதினால் யார் கணக்கில் சேரும்?

மாலை, வீட்டுக்குப் போகாமல் ஏ படிக்கட்டில் ஏறினாள். பதினாலாம் எண் கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். புருவத்தில் மாவு. விடிகாலை பேக்கரி வேலைக்குப் போய் மதியம் திரும்புகிறவர் என்று கீழ்வீட்டில் சொல்லியிருந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் அவர் ரொட்டிக்காரர்.

“அண்ணே, உங்க வீட்டுச் சுவரை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்கம்மா, வாங்க! ஆபீஸ்லேர்ந்தா? பிரமாதமா பண்ணியிருக்காங்க. மூணு தடவை வந்தாங்கன்னா பார்த்துக்கோங்க. என் அக்கா நாலு வருஷம் முன்னாடி எழுதிப் போட்ட புகார். தாமதமானாலும் மறக்கலையே!”

நீலத் துண்டு அதே ஜன்னலில் தொங்கியது. சுவர் படத்தில் பார்த்ததைவிட வெள்ளையாக இருந்தது. அவள் தன்னையறியாமல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்து, வெதுவெதுப்பாக, ஒரு மிருகத்தின் விலாவைப்போல் இருந்தது.

அவள் சொல்லி முடித்தபோது ரொட்டிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அப்போ இது உங்களுக்கு வந்ததா?”

“ஆமாண்ணே. தப்பு என்னுதுதான். படிக்கட்டை மாத்திப் போட்டுட்டேன்.”

“நான் கேட்டிருக்கணும். வந்தவங்க ‘பதினாலுதானே’ன்னாங்க, ‘ஆமா’ன்னேன். ‘ஈரமா’ன்னாங்க, ஈரமாத்தான் இருந்துச்சு.” அவர் சுவரைப் பார்த்தார், ஏதோ திருப்பித் தந்துவிடலாமா என்பதுபோல. “சுரண்டி எடுத்தா உங்களுக்கு ஆகுமா? ஆகாது, இல்ல?”

சிரிப்பு வந்தது அவளுக்கு. பாவமாகவும் இருந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தை முதலிலிருந்து எழுதினாள். இந்தத் தடவை வார்த்தைகள் சண்டை போடவில்லை.

‘போன மாதம் 3ஆம் தேதி நான் பதிந்த புகாரில் படிக்கட்டைத் தவறாக ஏ என்று குறித்துவிட்டேன். என் வீடு பி படிக்கட்டு, எண் 14. அதனால் 11, 19, 27 தேதிகளில் வேலை ஏ படிக்கட்டில் நடந்து, புகார் மூடப்பட்டிருக்கிறது. வேலைச் சீட்டுகளையும், அதற்கு மறுநாள்களில் என் வீட்டில் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். கறை இப்போது மின் சுவிட்சை நெருங்கியிருக்கிறது. அந்தச் சுவிட்சை நாங்கள் பயன்படுத்துவதில்லை. நுரையீரல் சிகிச்சை பெறும் என் அப்பா 24ஆம் தேதி, திங்களன்று இந்த அறைக்குத் திரும்புகிறார். முழு வேலைக்கு அதிக நாள் ஆகலாம் என்பது தெரியும். 21ஆம் தேதி, வெள்ளிக்குள் ஒருவர் வந்து பார்த்து, கசிவை நிறுத்தினால் உதவியாக இருக்கும். அது முடியாவிட்டால், எப்போது முடியும் என்பதை 18ஆம் தேதிக்குள் தெரிவித்தால் அப்பாவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வேன். பகலில் சாவி கீழ்வீட்டில் இருக்கும்.’

அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

“உன் தப்பை நீயே எதுக்குடி முதல் வரியில தூக்கி வைக்கிற?”

“அதுதானேக்கா நடந்துச்சு.”

“ம்.” அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு. படிச்சா அவன் மறுப்பு சொல்ல ஒரு இடமும் இல்ல. அனுப்பு.”

படங்களை இணைத்தாள். சீட்டுகளைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் அதனதன் மறுநாள் படத்தோடு சேர்த்தாள். அனுப்ப விரலைக் கொண்டுபோனபோது கதவு தட்டப்பட்டது.

ரொட்டிக்காரர். சட்டை மாற்றி, தலை வாரி, ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல் நின்றார்.

“உள்ள வாங்கண்ணே.”

“இல்லம்மா, நின்னே சொல்லிடறேன். உட்கார்ந்தா சொல்ல வராது.” மூச்சு வாங்கியது, அந்தப் படி இறங்கி இந்தப் படி ஏறி வந்திருக்கிறார். “அந்த வீடு என் பேர்ல இல்ல. அக்கா பேர்ல. அவங்க பொண்ணு வீட்டோட போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பேர்ல இருக்கிறவங்கதான் குடியிருக்கணும்னு இவங்க சட்டம். நான் இருக்கிறது ஆபீஸுக்குத் தெரியாது, தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஆள் வந்த சந்தோஷத்துல சீட்டுல என் பேரையே முழுசா எழுதிட்டேன்.”

அவள் கையில் இருந்த கைபேசியில் சீட்டு திறந்தே இருந்தது. கையெழுத்து வட்டவட்டமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டதுபோல் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நேரம் அதை அவள் ஓர் ஆதாரமாக மட்டுமே பார்த்திருந்தாள். அது இல்லாவிட்டால் மூடினது தப்பு என்று காட்ட ஒன்றுமில்லை, காட்டாவிட்டால் வரிசையில் கடைசி, இருபது நாள். இருந்தால்?

“நீங்க எழுதுறது நியாயம்மா. நான் தடுக்க வரல,” என்றார் அவர். “அவங்களா தோண்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சா அது என் தலையெழுத்து. ஆனா என் பேர் இருக்கிற அந்த மூணு சீட்டு மட்டும் இல்லாம அனுப்ப வழி உண்டான்னு கொஞ்சம் பாருங்களேன்மா.”