மழுங்கின பென்சில்

என் கணக்கு வகுப்புக்கு யாராவது மழுங்கின பென்சிலோடு வந்தால் நான் சும்மா விடமாட்டேன், பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவேன். இரண்டு கோடுகள் வெட்டுகிற புள்ளியில்தான் விடை இருக்கிறது. கோடு தடித்தால் விடை நழுவிவிடும்.

அந்த வசந்தத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் வளர்கிற இரண்டை அளந்து, கோடு போட்டு, எங்கே சந்திக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சிந்த்ரே இரண்டு நாய்க்குட்டிகளின் எடையோடு வந்தான். ராக்ன்ஹில்ட் கொண்டுவந்தது, அவள் அப்பா கிறிஸ்துமஸ்தோறும் சமையலறைக் கதவு நிலையில் கீறிய உயரங்கள். முதல் கிறிஸ்துமஸில் அண்ணன் ஐவின் 168 சென்டிமீட்டர், அவள் 150. மறு கிறிஸ்துமஸில் அவன் 171, அவள் 156.

அதற்கடுத்த பிப்ரவரியில் காட் மீன் பிடிக்கப் போன ஐவின் படகோடு கடலில் மூழ்கிப்போனான். அது நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது; அதன் பிறகு நிலையில் கீறலே இல்லை. ஊருக்கே தெரியும். ஆனாலும் அவள் தாளில் அவன் கோடு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

y = 168 + 3x, y = 150 + 6x என்று கீழே எழுதியிருந்தாள். x என்பது முதல் கிறிஸ்துமஸிலிருந்து கழிந்த வருடங்கள்.

“ஆறாவது வருஷம். ரெண்டு பேரும் நூத்தி எண்பத்தாறு,” என்றாள்.

இரண்டு சமன்பாட்டிலும் ஆறைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

“அடேயப்பா, வீட்டுக் கூரைய இடிச்சிருவீங்க போல!” என்ற சிந்த்ரே, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மணி அடித்து எல்லோரும் போன பின்னும் அவள் எழவில்லை.

“ஹால்வார்,” என்றாள்; எங்கள் ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். “ஒரு கோடு பாதியிலயே நின்னுட்டா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அப்புறம் படுக்கையாப் போகும்மா.”

171-இல் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தாள். அது அவள் கோட்டை மூன்றரையில் வெட்டியது.

“அடுத்த வருஷம் நடுக்கோடை,” என்றாள். “அன்னிக்கு அவன எட்டிருவேன். மறுநாள் அவன் எனக்குத் தம்பி மாதிரி ஆயிருவான். எனக்கு வேணாம்.”

குளிர்காலம் முழுக்க அவள் ஏன் கூனிக் கூனி நடந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“உயரம் இப்படி நேர்கோட்டுல வளராதும்மா.”

“ஆனா வளரும்ல?”

“வளரும்.”

“அப்ப அந்த நாளாவது எனக்குத் தெரியக் கூடாது.”

இழுப்பறையைத் திறந்து, இருந்ததிலேயே மழுங்கின பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு கோடுகளின் மேலும் அழுத்தி அழுத்தி இழுத்தாள். புள்ளி போய், வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைக்கும் ஒரே கருந்திட்டு.

“இதுக்குள்ள எங்கேயோ,” என்றாள்.

“எங்கேயோ,” என்றேன்.

மறுவருடம் நடுக்கோடை இரவில் ஊர் வழக்கப்படி கடற்கரையில் தீ மூட்டினோம். ராக்ன்ஹில்ட் நிமிர்ந்து நின்று எரிகிற கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பக்கத்தில் வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.