மிச்சம்

“எல்லாருக்கும் குடுத்தது போக உன் கையில என்ன மிச்சம்?”

நாத்தனார் அவளிடம் இதைக் கேட்டது நாலு பேர் நடுவில், டீ டம்ளரை ஊதிக்கொண்டே. குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, பஸ்ஸில் டிக்கெட் எவ்வளவு என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். தம்பி பெண்டாட்டி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு வேலைக்கு அக்கா, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட டிரைவர், அவனுக்குக் கணக்கு சொல்லித்தர டீச்சர் என்று மூன்று பேர் புதிதாக வந்திருந்தார்கள். மூவர் சம்பளத்தையும் நாத்தனார் விரல் மடக்கிக் கூட்டினாள், அவள் சம்பளத்தில் கழித்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். புருஷனும்தான்.

அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான்கு வருடமாக ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்ன விதம்தான் சரியில்லை. மிச்சம் என்று ஒன்றைக் காட்டியே தீர வேண்டும் என்பதால் அவள் கை இறுகிப்போனது. வெளியே அவளைவிட இரக்கமான ஆள் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைக்கு பலூன் வாங்கி வைத்திருப்பவள் அவள்தான். ஆனால் வீட்டில் அக்கா சம்பளத்தைப் பற்றி வாயெடுத்தால், “அடுத்த மாசம் பாக்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுவாள். அக்கா காய்ச்சலில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தாள். டீச்சர் வாசல்வரை வந்தும் பையன் விளையாடப் போய்விட்டிருந்த நாட்களை வகுப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் போனஸைக் காய்கறிச் செலவுக்குள் தள்ளி ஒளித்தாள். இத்தனையும் செய்து மாதக் கடைசியில் நாற்பதாயிரத்தில் ஒரு பத்தாயிரமோ பதினோராயிரமோ மிஞ்சும். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

அக்கா இந்த முறை அடுத்த மாதத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாவு பிசையும் பாத்திரத்தைத் தேய்த்தபடியே, தலையைத் திருப்பாமல் சொன்னாள். எதிர் வீட்டில் பன்னிரண்டு தருகிறார்களாம், இங்கே இன்னும் ஒன்பதுதானாம். அதுகூடப் போகட்டும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டுமாம்.

“எங்கயாச்சும் போகணுமாக்கா?”

“போறதுக்கு எங்க இருக்கு? ஒரு நாளாச்சும் விடிஞ்சப்புறம் எந்திரிக்கணும்மா. அவ்ளோதான்.”

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசித்துச் சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள். அக்கா தலையாட்டினாள். போகும்போது வழக்கம்போல “வரேம்மா” என்றாள். நான்கு வருடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவள் படியிறங்கியதே இல்லை.

அக்கா போன பிறகு அவள் நிஜமாகவே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மிச்சம் வர வேண்டும் என்று போடாமல் நியாயமாக இருக்க வேண்டும் என்று போட்ட முதல் கணக்கு அது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் இந்த வீட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தாள். அக்காவுக்கு ஒரு நாள் தப்பாமல் மூன்று மணி நேரம், அதில் ஒரு நிமிஷம் உட்கார முடியாது. மணிக்கு நூறு வந்தது. டீச்சருக்கு மணிக்கு ஐந்நூறு. அதிலும் வந்து போகும் நேரமும் விடைத்தாள் திருத்தும் நேரமும் சேரவில்லை. டிரைவர் அண்ணனின் பதினாலாயிரத்தை வகுத்தபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி வகுத்தாள். ஞாயிறு தவிர நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு ஐம்பத்துநாலு. அடிமாட்டு விலை.

இப்படியே விட முடியாது. அக்காவுக்குப் பன்னிரண்டு. அண்ணனுக்குப் பதினாறு. டீச்சருக்கு, நம்மால் நின்றுபோகும் வகுப்புக்கும் காசு சேர்த்து, ஆறரை. அக்காவுக்கும் அண்ணனுக்கும் வருஷத்தில் ஒரு மாதச் சம்பளம் போனஸ். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதம் கையைக் கடிக்கும். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது; அவளுக்குப் பதிலாக ஒரு ஆள் வர ஆயிரத்து இருநூறு. கூட்டினால் முப்பத்தெட்டாயிரம் சொச்சம்.

அவள் சம்பளம் நாற்பது. நாத்தனார் பார்த்தால் சிரிக்கக்கூட மாட்டாள், பாவம் என்பாள். வேலையை விடச் சொல்ல வீட்டில் யாருக்கும் இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

பேப்பரை மடக்கி வைக்கப்போனவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது ஏன் என் நாற்பதில் கழிகிறது? வாடகையும் கரண்ட் பில்லும் யார் சம்பளத்திலும் தனியாகக் கழிவதில்லை, வீட்டுச் செலவு என்று போகிறது. அவர் துவைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். பையன் இருவருக்கும்தான் பையன். டிரைவர் கதை இன்னும் அழகு. காலையில் பையனை இறக்கிவிட்டதும் வண்டி நேராக அவர் ஆபீசுக்குப் போய் சாயங்காலம் வரை அங்கேயே நிற்கிறது. அந்த வண்டிக்குச் சம்பளம் கொடுக்கிறவள் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் விளையாடப் போன பிறகு பேச்சை எடுத்தாள். அக்கா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருந்தாள். புருஷன் சாப்பாட்டு மேஜையில் அவள் கணக்குப் போட்ட பேப்பரைப் படித்தார். முதலில் கூட்டலைச் சரிபார்த்தார், அது அவர் குணம். சரியாகத்தான் இருந்தது.

“டிரைவரை எதுக்கு என் பக்கம் தள்ளுற? அவர் உன் டிரைவர். நான் அப்பப்ப ஏறிக்கிறேன்.”

“அப்பப்பன்னா திங்கள்ல இருந்து சனி வரைக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. அண்ணன் பாதி நேரம் வண்டிக்குள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் இழுத்ததற்கு, சும்மா இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் வேறு எங்கேயும் போக முடியாதே என்றாள். பிறகு தான் கொண்டுவந்ததைச் சொன்னாள். அவருக்கு அறுபது, அவளுக்கு நாற்பது. முப்பத்தெட்டையும் அதே விகிதத்தில் பிரித்தால் அவர் பங்கு இருபத்திரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவள் பங்கு பதினைந்து சொச்சம். இனிமேல் இது அவள் வேலைக்குப் போவதற்கான செலவு இல்லை, வீடு நடப்பதற்கான செலவு.

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நியாயம் தெரியாத மனுஷன் இல்லை. இதுவரை அவர் கையை விட்டுப் போகாத பணம், அதுதான் விஷயம்.

“பிரிக்கிறது சரி,” என்றார் கடைசியில். “ஆனா ஒரே மூச்சுல எல்லாருக்கும் ஏத்தினா எப்படி? மொத்தம் முப்பத்தஞ்சுக்குள்ள கொண்டு வா. என் பங்கை மாசாமாசம் நானே எடுத்து வெச்சிடுறேன். உன் வேலையைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க. எங்க அக்காவே பேசினாலும் நான் பாத்துக்கறேன்.”

நான்கு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அது இப்படித் தட்டில் வைத்து வரும் என்று அவள் நினைக்கவில்லை. நடுவில் இருந்தது மூவாயிரம்தான்.

பேப்பர் மேல் விரலை ஓட்டினாள். டிரைவர் அண்ணன் மேல் கை வைத்தால் அவர் நாளைக்கே வேறு வண்டிக்குப் போய்விடுவார், ஆபீஸ் போக முடியாமல் இவர் குதிப்பார். டீச்சரைத் தொட முடியாது, பையனுக்குப் பரீட்சை. விரல் முதல் வரிக்கே திரும்பி வந்தது. பன்னிரண்டைப் பத்தாக்கினால் இரண்டாயிரம். லீவு நாளுக்கு வரும் ஆளை அடித்தால் ஆயிரத்து இருநூறு. போனஸிலும் கொஞ்சம் குறையும். முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

“அக்காவுக்கு இப்போதைக்கு ஆயிரம் ஏத்தினா போதும்,” என்றாள். குரல் பரிசோதனைக் கூடத்தில் ரிசல்ட் சொல்வது போல இருந்தது. “ஞாயித்துக்கிழமை லீவெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அவங்க எங்கயும் போக மாட்டாங்க.”

“அதானே,” என்றார் அவர். பேனாவை எடுத்துப் பன்னிரண்டை அடித்துப் பத்து என்று எழுதினார்.

சமையலறையில் வாளி தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

காலி வாளி. அக்கா மாடியிலிருந்து எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. சமையலறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். அதுவும் முழுச் சுவர் இல்லை. அவர் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ நினைவுக்கு வந்தவர் போல உள்ளே போனார்.

அவள் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, தினமும் தேய்ப்பது போலவே. கோபமாக ஒரு பாத்திரத்தையாவது தொம்மென்று வைத்திருந்தால் அவளுக்குப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

“அக்கா, அவர் ஒத்துக்கணுமேன்னுதான்... இது ஒரு ஆரம்பம்தான்க்கா.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“பன்னெண்டே போட்டுக்கலாம். நான் என் பங்குல இருந்து தரேன். அவருக்குத் தெரிய வேணாம்.”

சொல்லும்போதே அவளுக்குக் கேட்டது. மறுபடியும் காய்கறிச் செலவுக்குள் ஒளிக்கும் அதே வேலை. லீவைப் பற்றி இப்போதும் வாய் திறக்கவில்லை என்பதும் சேர்த்துக் கேட்டது. அதைச் சொல்லத் தொடங்கினாள். நாளைக்குத் திங்கட்கிழமை, ஆறரைக்கு அக்கா வந்தால்தான் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க முடியும் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

அக்கா குழாயை மூடினாள். மேடையைத் துடைத்தாள், துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள், சுருக்கத்தைக்கூட நீவிவிட்டாள். கையைப் புடவையில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்தாள். அதிலிருந்து இந்த வீட்டின் மாற்றுச் சாவியைப் பிரித்து ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் மாட்டினாள். சாவி இரண்டு முறை ஆடி நின்றது.

அவள் வழியை விட்டு ஒதுங்கினாள். வாசலில் அக்கா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ‘வரேம்மா’வுக்காக அவள் காத்து நின்றாள்; அதைக் கேட்டுவிட்டால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.