சொசைட்டியில் போட்ட பணம்

மின்வெட்டு கடுமையாகி மில்லில் ராத்திரி ஷிப்டை நிறுத்தியபோதே காளைக்குப் பயம் வந்துவிட்டது. குடோனில் விற்காத நூல் மூட்டைகள் கூரையைத் தொட்டன. பஞ்சு லாரிகள் வருவது குறைந்தது.

டைம் ஆபீஸ் கிளார்க் மலைச்சாமியிடம் போய், ஆள் குறைத்தால் தன் பேர் வருமா என்று கேட்டான்.

"உங்களுக்குப் பின்னால சேந்தவுக நெறையப் பேரு இருக்காக. மொதல்ல அவுகளத்தான் அனுப்புவாக. பயப்படாதீங்கண்ணே."

அப்படியும் காளை சும்மா இருக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு ரூபாய்க்கு அஞ்சு பைசா வட்டியில் வாங்கிய கடன்தான் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது. மனைவி ரெங்கம்மாள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். விற்று, அசலையும் வட்டியையும் அடைத்து, பத்திரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்கள். கட்டிவந்த சீட்டு முடிந்ததும் புதுச்சீட்டில் சேரவில்லை. காளவாசல் கடையில் பாக்கி வைப்பதையும் நிறுத்தினார்கள்.

கடன் போனதால் மிஞ்சியதை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது.

"போஸ்டாபீஸ்ல போடுவோம்" என்றாள் ரெங்கம்மாள்.

"கையில வாங்குனா செலவாயிரும். மில்லுச் சொசைட்டின்னா சம்பளத்துலயே பிடிச்சுக்கிருவாக. கண்ணுலயே படாது. வட்டியும் கூட."

அவளும் சரி என்றாள். ஏழெட்டு மாதம் ஒழுங்காகப் பிடித்தார்கள்.

மாசிக் கடைசியில் ஒரு காலை மில் கதவில் நோட்டீஸ் தொங்கியது. ஆளைக் குறைக்கவில்லை, மில்லையே மூடிவிட்டார்கள். முன்னால் சேர்ந்தவன், பின்னால் சேர்ந்தவன் எல்லாரும் ஒரே வெயிலில் நின்றார்கள்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு காளையும் ரெங்கம்மாளும் சொசைட்டிக்குப் போனார்கள். செயலாளர் சுருளியும் மில் தொழிலாளிதான். சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒங்க சம்பளத்துல பிடிச்சாகளே ஒழிய, மொதலாளி இங்க கட்டவே இல்ல. முன்னால இருந்த பணமெல்லாம் மில்லு ஆளுகளுக்குக் கடனாப் போயிருச்சு. வாங்குனவுகளும் இப்ப வேலையில்லாம நிக்கிறாக. யாருகிட்டப் போயிக் கேக்க?"

"எனக்குப் பாதியாச்சும் குடுப்பா."

"என் பணமும் இதுலதாண்ணே கெடக்கு."

காளை சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் வந்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி நடந்தான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றான்.

"நீ சொன்னதக் கேட்டிருக்கணும்."

"நாந்தான் பெறகு சரின்னேனே" என்றாள். "கடன்காரன் வாசலுக்கு வரமாட்டான். அம்புட்டுத்தான் நம்மால முடிஞ்சது." சொல்லும்போதே அவள் கை சங்கிலி இல்லாத கழுத்தைத் தடவியது. இந்த மாதம் அரிசி இருக்கிறது என்றாள்.

மறுநாள் வேலை தேடி, கப்பலூர் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறினான். முதல் பட்டறையின் வாசலிலேயே மில்லில் பார்த்த முகங்கள் திரண்டிருந்தன. காவலாளி உள்ளிருந்தபடியே கையை ஆட்டி, போகச் சொன்னான். ஒருவரும் நகரவில்லை. காளையும் அவர்களோடு நின்றான்.