கொதிக்கிற பானையும் கலங்கிய வாளியும்

மூன்று மாதக் கர்ப்பிணியான என் தங்கைக்கு இரண்டு வாரமாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இன்று தன் அலுவலக வாசலில் இருக்கும் தள்ளுவண்டி சூப் கடையைப் படம் எடுத்து, "அக்கா, பசிக்குது. சாப்பிடலாமா?" என்று அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் நான், சரியாகப் பார்க்கும் முன்பே "வேண்டாம்" என்று பதில் போட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அது பயத்தின் பதில், படத்தைப் பார்த்துச் சொன்னது அல்ல.

பெரிதாக்கிப் பார்த்தேன். பானையில் ஆவி பறந்தது. கடைக்காரரின் ஏப்ரன் பளிச்சென்றிருந்தது. ஆனால் கிண்ணங்கள் ஊறிய வாளித் தண்ணீர் சாம்பல் நிறம். நறுக்கிய வெங்காயம் மூடியில்லாமல் கிடந்தது. பானை எவ்வளவு சூடு என்று படம் சொல்லாது. போன் செய்தேன்.

"சூப் கொதிக்குதா, சும்மா ஆவி வருதா?"

"தளதளன்னு கொதிக்குது. படத்தப் பாத்தே ஜாதகம் கணிக்கிறியா?"

"கிண்ணத்த எல்லாம் ஒரே வாளியிலதான் முக்கறாரா?"

"ஆமா."

"அப்ப உன் டப்பாவில வாங்கு. கரண்டி உன்னுது. வெங்காயம் வேண்டாம், அவர் தண்ணியும் வேண்டாம்."

சற்று நேரத்தில் அவள் ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னொரு டப்பா வாங்கட்டுமா?"

"வாங்குடி," என்றேன்.