எண்பது சதவீதத் தள்ளுபடி

தீபாவளி ஆர்டருக்காக இன்ஸ்டாகிராமில் மூன்று படங்களை ஒரே பதிவாகப் போட்டேன். முதல் படத்தில் நான் வீட்டில் சுட்ட பிரவுனி. தள்ளினால் அடுத்ததில் விலை. கடைசியில் வாங்கும் முறை: வாட்ஸ்அப்பில் ஆர்டர், பாதிப் பணம் முன்கூட்டியே, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆர்டர் எண்ணைக் காட்டிப் பெட்டியை எடுத்துப்போகலாம்.

ஒருத்தரும் கேட்கவில்லை. இதே சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா சீனிவாசகம் மட்டும் போனில் கத்தினார்.

"ஒரு பெட்டி நானூத்தம்பதா? எவன் வாங்குவான், பிரீத்திகா?"

வெண்ணெய் விற்கிற விலை தெரியுமா இந்த மனுஷனுக்கு? வந்த எரிச்சலில் அவர் கடை விலைப்பட்டியலையே எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பட்டாசுக்கும் எண்பது சதவீதத் தள்ளுபடி. பார்த்ததும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டாவது படத்தில் மட்டும் சின்னத் திருத்தம்: பிரவுனி பெட்டி 2,250 ரூபாய், எண்பது சதவீதத் தள்ளுபடி போக 450.

சாயங்காலத்துக்குள் ஆர்டர் குவிந்துவிட்டது. முதல் ஆர்டரே பெரியப்பாவுடையது. இருபது பெட்டி!

வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக நின்று ஆர்டர் எண்ணைக் காட்டிய பெரியப்பா, கவலையோடு கேட்டார்.

"இம்புட்டுத் தள்ளுபடி குடுத்தா உனக்குக் கட்டுபடியாகுமா தாயி?"

"உங்க கடையில எப்படிக் கட்டுபடியாகுதோ, அப்படித்தான் பெரியப்பா."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசு தாயி. பின்னால நிக்கிறவுக பூராம் என் கஸ்டமரு."